பந்தியில் இலை எண்ணத் தெரிந்தால் போதும்

போன மாதம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். துறைமுகச் சரக்கு பற்றிய கூட்டம். எந்தத் துறைமுகம், யார் நடத்தியது என்றெல்லாம் எழுதப் போவதில்லை. இந்தப் பேச்சை எல்லா ஊரிலும் கேட்கலாம். மேடையில் இருந்த அதிகாரி முதலில் ஒரு நல்ல செய்தி சொன்னார். இறக்குமதி கண்டெய்னர் ஒன்று யார்டில் சராசரியாக மூன்று நாள்தான் தங்குகிறதாம். எல்லோரும் கை தட்டினோம். அரை மணி நேரம் கழித்து அதே மனிதர், யார்டு நிரம்பி வழிகிறது, இன்னும் 3,000 பெட்டிக்கு இடம் வேண்டும், பக்கத்து நிலத்தைக் கொடுத்தால்தான் ஆயிற்று என்றார். அதற்கும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

கேள்வி நேரத்தில் எழுந்து, "ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி இறங்குகிறது, காலையில் யார்டில் எத்தனை நிற்கிறது?" என்று கேட்டேன். தோராயமாகச் சொன்னார். "அப்படியானால் மூன்று நாள் என்பது சரியாக இருக்க முடியாதே" என்றேன். "பெரியவரே, அதெல்லாம் தியரி. ஃபீல்டு வேறே" என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். டாலி கிளார்க்காக வெயிலில் நின்று பெட்டி எண்ணி, கடைசியில் டிராஃபிக் பிரிவில் ஓய்வு பெற்றவன் நான். ஃபீல்டு எனக்கும் கொஞ்சம் தெரியும். அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தியரி. கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கிறது. மணிக்கு 300 பேர் உள்ளே வருகிறார்கள். ஒருவர் சாப்பிட்டு எழுந்திருக்க 20 நிமிடம், அதாவது ஒரு மணியில் மூன்றில் ஒரு பங்கு. எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் சுமார் 100 இலையில் ஆள் இருக்கும். வருகிற வேகத்தையும் தங்குகிற நேரத்தையும் பெருக்கினால் உள்ளே இருப்பவர் எண்ணிக்கை. சமையல்காரர்கள் பரம்பரையாகத் தெரிந்து வைத்திருக்கும் கணக்குதான். இதைப் புத்தகத்தில் L = λW என்று எழுதுவார்கள். L உள்ளே இருக்கும் சராசரி எண்ணிக்கை, λ வருகிற வேகம், W சராசரியாகத் தங்கும் நேரம். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961-இல் இதற்கு நிரூபணம் எழுதியதால் லிட்டில் விதி என்று பெயர். யார் முதலில் போகிறார், எத்தனை கிரேன் இருக்கிறது, பெட்டி ஒரே சீராக வருகிறதா மொத்தமாக வருகிறதா என்று எதையும் இந்த விதி கேட்பதில்லை. அதுதான் இதன் பலம்.

ஏன் கேட்பதில்லை என்பதற்கு ஒரு பழைய பதிவேடு போதும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி. தினமும் காலை ஆறு மணிக்கு யார்டைச் சுற்றி வந்து, எந்தப் பெட்டி நிற்கிறதோ அதன் வரியில் அன்றைய கட்டத்தில் ஒரு புள்ளி வைக்கிறோம். மாதக் கடைசியில் புள்ளிகளை இரண்டு விதமாகக் கூட்டலாம். மேலிருந்து கீழாகக் கூட்டினால் ஒவ்வொரு நாளும் யார்டில் எத்தனை நின்றது என்று வரும். இடமிருந்து வலமாகக் கூட்டினால் ஒவ்வொரு பெட்டியும் எத்தனை நாள் நின்றது என்று வரும். எப்படிக் கூட்டினாலும் மொத்தப் புள்ளி ஒன்றுதானே! லிட்டில் விதி அவ்வளவுதான். அதைப் பொய் என்று சொல்பவர் கூட்டல் கணக்கைப் பொய் என்கிறார்.

இனி அந்த யார்டுக்கு வருவோம். எண்களைச் சுலபமாக வைத்துக்கொள்கிறேன். இவை விளக்கத்துக்காக நான் போட்டவை. நாளொன்றுக்கு 1,000 இறக்குமதிப் பெட்டி இறங்குகிறது. காலையில் யார்டில் 7,000 பெட்டி நிற்கிறது. அறிக்கை மூன்று நாள் என்கிறது. மூன்றை 1,000-ஆல் பெருக்கினால் 3,000 பெட்டிதான் நிற்க வேண்டும். மீதி 4,000 பெட்டி யாருடையது?

அந்த 4,000 பெட்டியைத் தேட வேண்டிய இடம் யார்டின் மூலை. நாளைக்கு வரும் 1,000 பெட்டியில் 990 பெட்டி ஒழுங்காக மூன்று நாளில் போய்விடுகிறது என்று வையுங்கள். மீதி பத்தே பத்து பெட்டி சிக்கிக்கொள்கிறது. சரக்கின் விலை இறங்கிவிட்டது, வரியும் வாடகையும் கட்டி எடுத்தால் நஷ்டம் என்று இறக்குமதியாளர் கைகழுவிவிடுவார். அல்லது பில்லில் எழுதியது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்று கஸ்டம்ஸ் நிறுத்தியிருக்கும். அல்லது கோர்ட்டில் வழக்கு. இப்படிப்பட்ட பெட்டி ஏலம் போய் வெளியேற சராசரியாக 400 நாள் ஆகிறது என்று கொள்வோம். இரண்டையும் தனித்தனியாகப் பெருக்குங்கள். 990-ஐ மூன்றால் பெருக்கினால் 2,970. பத்தை 400-ஆல் பெருக்கினால் 4,000. கூட்டினால் 6,970. காலையில் எண்ணிய 7,000 கிட்டத்தட்ட வந்துவிட்டது!

நூற்றில் ஒரு பெட்டி, யார்டில் பாதிக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உண்மையான சராசரி மூன்று நாள் அல்ல, ஏழு நாள்.

அப்படியானால் அறிக்கையில் மூன்று எப்படி வந்தது? யாரும் எண்ணைத் திருத்தவில்லை. மாதத்தில் வழக்கமான முறையில் கேட்டைத் தாண்டி வெளியே போன பெட்டிகளை மட்டும் எடுத்து, அவை எத்தனை நாள் நின்றன என்று பார்க்கிறார்கள். போகாத பெட்டி அந்தப் பட்டியலிலேயே வராது. என்றோ ஒரு நாள் ஏலத்தில் போகும்போதும் வேறு தலைப்பில் எழுதிவிடுவார்கள், அல்லது "இது விதிவிலக்கு" என்று 30 நாளுக்கு மேற்பட்டதைக் கழித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆனவர்களை மட்டும் கேட்டுவிட்டு, எங்களிடம் யாரும் அதிக நாள் படுப்பதில்லை என்று சொல்வது போல. பெட்டியை விதிவிலக்கு என்று காகிதத்தில் கழிக்கலாம். தரையில் கழிக்க முடியுமா?

ஆகவே என் முதல் குற்றச்சாட்டு இது. தங்கும் நாளை மட்டும் சொல்லி, யார்டின் எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுவது பாதிக் கணக்கு. மூன்று எண்ணில் இரண்டைக் கொடுத்தால் மூன்றாவது தானாக வந்து நிற்கும். வெவ்வேறு பிரிவிலிருந்து மூன்றையும் வாங்கி ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தால், பொருந்தாத இடத்தில்தான் மறைந்த பெட்டி இருக்கிறது. இந்த விதியின் பெரிய பயன் எதிர்காலத்தைச் சொல்வதல்ல, தணிக்கை செய்வது.

இரண்டாவது, நிலம் கேட்பது. எடுக்காத சரக்குக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1962-ஆம் வருடக் கஸ்டம்ஸ் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, இறக்கிய 30 நாளுக்குள் எடுக்காத சரக்கை, இறக்குமதியாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, கஸ்டம்ஸ் அதிகாரியின் அனுமதி பெற்று விற்கலாம் என்கிறது. 30 நாளில் முடியாது என்பது எனக்கும் தெரியும். மதிப்பீடு, அனுமதி, ஏலத்தில் கேட்பார் இல்லாமை எல்லாம் பார்த்தவன்தான். இரண்டு மடங்கு கொடுப்போம், 60 நாள். பத்தை 60-ஆல் பெருக்கினால் 600. நல்ல பெட்டிகள் 2,970. மொத்தம் 3,570. அதாவது ஒரு சதுர அடி நிலம் வாங்காமல் 3,400 பெட்டிக்கு இடம் கிடைத்துவிட்டது. அவர் கேட்டது 3,000.

நிலத்தையே கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? இங்கே விதி நமக்கு ஒன்றும் சொல்லாது. மனித சுபாவம்தான் சொல்லும். இடம் இருக்கும்போது பழைய பெட்டியைப் பற்றி யாருக்கும் அவசரம் இருக்காது. 400 நாள் மெல்ல 700 நாள் ஆகும். பத்தை 700-ஆல் பெருக்குங்கள்: 7,000. புதிய 3,000 இடமும் போச்சு, மறுபடி மேடை, மறுபடி கோரிக்கை. வீட்டில் பரண் கட்டியவர்களுக்கு இது புரியும்.

என் பக்கம் மட்டும் பேசினால் நியாயம் ஆகாது. எதிர்த்தரப்பில் மூன்று நல்ல வாதங்கள் உண்டு.

ஒன்று, விதி சராசரியைத்தான் சொல்லும். கப்பல் சராசரியாக வராது. பெரிய கப்பல் ஒன்று ஒரே நாளில் 1,500 பெட்டியைக் கொட்டினால் அதை எங்கே வைப்பது? சரிதான். சராசரிக்கு மேல் இடம் வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் 8,500 பெட்டி கொள்ளும் யார்டில் 6,970 நின்றால் கப்பலுக்கு மிஞ்சுவது 1,530. அதே யார்டில் 3,570 நின்றால் மிஞ்சுவது ஏறக்குறைய 4,900. இந்த வாதமும் பழைய பெட்டியை அகற்றத்தான் சொல்கிறது.

தவிர, பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நிற்பவை. அடியில் இருப்பதை எடுக்க மேலே இருப்பதை நகர்த்த வேண்டும். யார்டு நிரம்ப நிரம்ப இந்த வீண் நகர்த்தல் கூடும், லாரி காத்திருக்கும், மூன்று நாளில் போக வேண்டியது நாலு நாள் ஆகும். தங்கும் நாள் கூடினால் யார்டு இன்னும் நிரம்பும். விதி இந்தச் சுழலை விளக்காது; எது காரணம், எது விளைவு என்று அதற்குத் தெரியாது. பெருக்கல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். காரணத்தை யார்டுக்குள் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாதம், ஒரு வாரக் கணக்கை வைத்து விதியைப் போட முடியாது என்பது. இதுவும் சரி. பந்தி ஆரம்பித்த முதல் பத்து நிமிடத்தில் எண்ணினால் கணக்கு வராது. இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் நீண்ட காலத்துக்குத்தான் இது பொருந்தும். 400 நாள் நிற்கும் பெட்டி உள்ள யார்டுக்கு ஒரு மாதம் என்பது நீண்ட காலமே அல்ல. யார்டு மாதத்துக்கு மாதம் நிரம்பிக்கொண்டு போனால், நிற்கும் எண்ணிக்கையை வரவால் வகுத்துக் கிடைக்கும் ஏழு நாள் என்பதும் உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்தப் பெட்டிகளின் கதை இன்னும் முடியவில்லை. அதாவது தவறு நடந்தாலும் அது அவர்களுக்குச் சாதகமான தவறுதான்.

மூன்றாவது, அளவைக் குழப்புவது. இதில் நானே ஒரு முறை அவமானப்பட்டிருக்கிறேன். யார்டுக் கணக்கு டி.இ.யு.வில் இருந்தது, அதாவது இருபது அடிப் பெட்டி ஒன்று, நாற்பது அடிப் பெட்டி இரண்டு. வரவுக் கணக்கு பெட்டி எண்ணிக்கையில் இருந்தது. பாதிப் பெட்டி நாற்பது அடி என்றால் 7,000 பெட்டி 10,500 ஆகத் தெரியும். அதை 1,000-ஆல் வகுத்து, தங்குவது பத்தரை நாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என் மேலதிகாரி பேப்பரைப் பார்த்துவிட்டு, "தம்பி, இட்லியை எண்ணி தோசையால வகுத்திருக்கே" என்றார். அன்றிலிருந்து முதலில் அளவு என்ன என்று பார்ப்பேன். கூட்டத்திலும் அதைக் கேட்டுக்கொண்டுதான் பேசினேன்.

கடைசியாக, இதையெல்லாம் விடப் பெரிய தந்திரம் ஒன்று உண்டு. கோட்டை மாற்றிப் போடுவது. யார்டில் நெரிசல் என்றால் பெட்டியை ஊருக்குள் இருக்கும் சி.எஃப்.எஸ். கிடங்குக்கு அனுப்பிவிடலாம். துறைமுகத்தின் கேட்டைத் தாண்டியதும் துறைமுகக் கணக்கில் அது "போய்விட்டது". தங்கிய நாள் இரண்டோ மூன்றோ. இறக்குமதியாளர் இன்னும் சரக்கைப் பார்க்கவில்லை. வாடகை ஏறிக்கொண்டே இருக்கிறது. லாரி எண்ணூர் சாலையில் நிற்கிறது. கணக்கு மட்டும் அழகாகிவிட்டது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் வெடித்தது. பல ஆண்டுகளாகக் கிடங்கில் யாரும் கவனிக்காமல் கிடந்த 2,750 டன் அமோனியம் நைட்ரேட். இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில்தான் நமக்குத் தெரிந்தது, மணலியில் ஒரு சி.எஃப்.எஸ்.ஸில் 37 கண்டெய்னரில் சுமார் 740 டன் அதே சரக்கு நிற்கிறது என்று. 2015-இல் கஸ்டம்ஸ் பிடித்து நிறுத்தியது. அந்த ஆகஸ்டிலேயே ஏலம் முடித்து ஐதராபாதுக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். ஐந்து வருடம் முடியாதது சில நாளில் முடிந்தது.

இதைப் பதிவேட்டில் புள்ளியாக வையுங்கள். 37 பெட்டி, சுமார் 1,800 நாள். 66,600 புள்ளி. அந்த இடத்தில் ஆறு நாள் தங்கும் பெட்டிகள் 11,100 வந்து போயிருக்கலாம். இடத்தை விடுங்கள், பக்கத்தில் வீடுகள் இருந்தன. துறைமுகத்தின் சராசரியில் இந்த 37 பெட்டி என்றோ வெளியே போய்விட்டவை. வெளியே போனதை மட்டும் எண்ணும் கணக்கு எதைக் காட்டாது என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது. அதனால்தான் இதைத் தியரி என்று சொல்லிச் சிரிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"இதெல்லாம் நடைமுறையில் நடக்காது" என்பார்கள். 2021-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களில் யார்டு நிரம்பி, கடலில் கப்பல்கள் வரிசையில் நின்றன. அக்டோபரில் அவர்கள் ஓர் அறிவிப்பு விட்டார்கள். லாரியில் போக வேண்டிய பெட்டி ஒன்பது நாளோ அதற்கு மேலோ நின்றால், கப்பல் கம்பெனிக்கு முதல் நாள் 100 டாலர், பிறகு தினம் இன்னொரு 100 டாலர் ஏறும் என்று. அந்தக் கட்டணத்தை மீண்டும் மீண்டும் தள்ளி வைத்து, கடைசியில் ஒரு டாலர்கூட வசூலிக்காமல் 2023 ஜனவரியில் கைவிட்டார்கள். ஆனால் நாள்பட்ட பெட்டிகள் வெகுவாகக் குறைந்தன. நேர்மையாகச் சொன்னால், 2022-இன் பிற்பகுதியில் வரவும் குறைந்தது. யார்டு காலியானதில் எவ்வளவு பங்கு கட்டண பயம், எவ்வளவு பங்கு வரவுக் குறைவு என்று பிரிக்க வேண்டும். அதைப் பிரிக்கவும் இதே மூன்று எண்தான் வேண்டும். ஆனால் அவர்கள் கை வைத்த இடத்தைப் பாருங்கள். யாருடைய பெட்டி எத்தனை நாளாக நிற்கிறது என்று எண்ணி, அதைக் குறைக்கத்தான் முதலில் பார்த்தார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர்கூட வேண்டாம். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. தினமும் காலை ஆறு மணிக்கு அதில் எழுதட்டும்: யார்டில் நிற்பது எத்தனை, நேற்று இறங்கியது எத்தனை, நேற்று வெளியே போனது எத்தனை. நான்காவது வரியில், 30 நாளைத் தாண்டியது எத்தனை. சி.எஃப்.எஸ். வாசலிலும் அதே நான்கு வரி. மூன்று மாதம் எழுதிக் காட்டிவிட்டு, அதன் பிறகும் இடம் போதவில்லை என்று கணக்கு சொன்னால் நிலம் கேட்கட்டும். நானே கூட்டத்துக்கு வந்து முதல் ஆளாகக் கை தட்டுகிறேன்.

அதுவரை யாராவது மேடையில் "மூன்று நாள்" என்று சொன்னால், எழுந்து நின்று இரண்டே கேள்வி கேளுங்கள். காலையில் எத்தனை நின்றது? நேற்று எத்தனை வந்தது? வகுத்துப் பார்ப்பதற்குப் பேனாவும் பேப்பரும் போதும்.